சிவபதம் அடைந்தார்: ஒரு மரண அறிவிப்பை ஆங்கிலப்படுத்திய வரலாறு

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



விழா நாளில் மேடையேறி மரண அறிவிப்பைப் பற்றிப் பேசுவது பொருந்துமோ என்று நமக்கே ஐயம் எழுந்தது. ஆயினும், அயல் மண்ணில் வாழும் குடும்பங்களில் துயர் நேரும் இரவிலேதான் இந்த வேலை வந்து சேருகிறது. அழுகை ஓயுமுன்னே, ஆங்கிலம் அறிந்தவர் எவரேனும் உளரா என்று தேடி, கையில் ஒரு தாளைக் கொடுத்து, 'நாளைக்குள் எழுதித் தாருங்கள்' என்கின்றனர். அவ்வமயம் நிதானமாய் யோசிக்க எவராலும் இயலாது. ஆதலால், யோசிக்கக்கூடிய ஒரு நன்னாளில் அதனைப் பேசி வைத்துக்கொள்வது தவறாகாது என்று துணிந்தோம்.

நாம் பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு ரயில்வேயில் எழுத்தர் வேலைக்கு வந்தவர். ஆங்கிலப் புலமை உடையோம் என்று சொல்லிக்கொள்ளும் தகுதி நமக்கில்லை. இருபதாண்டுகளுக்கு மேலாகக் காளிகாட்டில் குடியிருப்பதாலும், மனுக்கள் எழுதிப் பழகிய கை என்பதாலும், இத்தகைய தாள்கள் நம்மிடம் வருவதுண்டு. அவற்றுள் ஒன்றின் வரலாற்றை மட்டும் இன்று சொல்லுவோம். அக்குடும்பத்தார் இசைவு தந்துள்ளனர். எனினும் பெயர்களைச் சொல்லோம். பெரியவர் என்றும் ஆச்சி என்றும் குறிப்போம்.

பெரியவர் தாமிரவருணிக் கரையில் ஒரு சிற்றூரிற் பிறந்தவர், சைவர். இளமையிலேயே கல்கத்தாவுக்கு வந்து, காளிகாட்டிலேயே வாழ்ந்து முதிர்ந்தவர். ஓர் ஆகஸ்டு மாதம் 28ஆம் தேதி, விடியற்காலை 3 மணி 10 நிமிடத்திற்கு அவருடைய உயிர் பிரிந்தது. அன்று பகலிலேயே கேவராதலா மயானத்தில் தகனம் நிகழ்ந்தது. மறுநாள் மூத்த மகனார் நம்மிடம் வந்தார். திருநெல்வேலித் தினசரியில் வெளியிடத் தமிழில் எழுதிய அறிவிப்பும், கல்லூரியிற் படிக்கும் பேரன் அதற்கு எழுதியிருந்த ஆங்கில வடிவமும் அவர் கையில் இருந்தன. ஆங்கில வடிவம் மலேசியாவில் வெளிவரும் ஓர் ஆங்கில நாளிதழுக்கு உரியது.

மலேசியாவுக்கு ஏன் என்று கேட்டோம். அவர் சொன்ன விடையில்தான் இக்காரியத்தின் பாரம் முழுவதும் அடங்கியிருந்தது. பெரியவருக்கு ஒரே ஒரு தம்பி. வாலிபத்தில் மலாய் நாட்டிற்குச் சென்றவர். கடிதங்கள் வந்துகொண்டிருந்தன, பின்னர் அருகின, பிறகு அறவே நின்றன. கடைசி முகவரிக்கு எழுதிய கடிதம் திரும்பி வந்துவிட்டது. தம்பி உயிரோடிருக்கிறாரா என்பதுகூடத் தெரியாது. அவருடைய மக்கள் தமிழ் படிக்க அறியார் என்று மட்டும் கேள்வி. 'பத்திரிகையிலாவது பார்க்கட்டும், அண்ணாச்சி' என்றார் மகனார்.

பேரன் எழுதியிருந்த ஆங்கிலத்தின் பொருள் இது: இன்னார், முதிர்ந்த வயதில், 28ஆம் தேதி 'எக்ஸ்பயர்' ஆனார், தம் சொர்க்க இல்லத்திற்குப் புறப்பட்டார், மனைவியும், இன்னார் இன்னார் என்னும் இரு புதல்வரும், இன்னாள் என்னும் புதல்வியும், பேரப்பிள்ளைகளும் அவருக்குப் பின் உள்ளனர், பதினாறாம் நாள் சடங்கிற்கு அனைவரும் அன்புடன் அழைக்கப்படுகின்றனர். பிழையென்று இலக்கணம் ஒன்றையும் காட்ட முடியாது. ஆனால் இவ்வறிவிப்பு மலேசியாவிற் போயிருந்தால், தம்பியின் மக்கள் அதனைக் கண்ணுற்றும் தம்முடையது என்று அறிந்திரார். ஏன் என்பதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது, உயிர் பிரிந்ததைச் சொல்லும் வினை. 'எக்ஸ்பயர்' என்னும் சொல் இந்நாட்டு ஆங்கிலத்தில் மருத்துவமனைச் சீட்டிலிருந்து வீட்டுக் கூடம் வரை பரவியிருக்கிறது. அயல்நாட்டு வாசகருக்கோ அச்சொல் முதலில் நினைவூட்டுவது தவணை கடந்த பொருளையே. மாதாந்தச் சீசன் டிக்கட்டு 'எக்ஸ்பயர்' ஆவதை நாம் நாள்தோறும் காண்கிறோம். அச்சொல்லைப் பெரியவருக்கு இடுவதற்கு நமக்கு மனம் வரவில்லை. 'பாஸ்ட் அவே' என்பது எளிய சொல். எவரையும் புண்படுத்தாத சொல். நிகழ்ச்சியைச் சொல்ல அது போதும்.

ஆனால் தமிழ் அறிவிப்பு நிகழ்ச்சியை மட்டும் சொல்லவில்லை. 'சிவபதம் அடைந்தார்' என்றிருந்தது. நம் தமிழில் இவ்விடத்தில் வரும் தொடர் ஒவ்வொன்றும் ஒரு குடும்பத்தின் சமயத்தைச் சொல்லிவிடும். 'சிவபதம் அடைந்தார்' என்றால் சைவர். 'ஆசாரியன் திருவடி அடைந்தார்', 'பரமபதித்தார்' என்றால் வைணவர். 'கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்' என்றால் கிறிஸ்தவர். 'வபாத்தானார்' என்றால் இசுலாமியர். 'இயற்கை எய்தினார்' என்று, கடவுள் பெயரே வாராதபடி எண்ணி எழுதுவோரும் உளர். ஆங்கிலத்தில் இவை யாவற்றையும் 'சொர்க்க இல்லம் புகுந்தார்' என்று ஒரே சாக்கிற் கட்டி அனுப்புகிறோம். கடவுளை ஒதுக்கி எழுதிய குடும்பத்துக்குச் சொர்க்கத்தைச் சேர்ப்பதும் முறையன்று. கிறிஸ்தவரின் நித்திரையைக் கலைப்பதும் முறையன்று. அவர்கள் நித்திரையென்பது மீண்டும் எழுவோம் என்னும் நம்பிக்கையைக் குறிப்பது.

சைவருக்கோ இதில் வேறொரு குறையும் உண்டு. சொர்க்கம் என்பது நல்வினைப் பயனைத் துய்க்கும் இடம். பயன் தீர்ந்தவுடன் உயிர் மீண்டும் பிறவிக்குத் திரும்பும் என்பதே நம் சமயக் கொள்கை. இறைவன் திருவடியை அடைவது வீடுபேறு. அங்கிருந்து மீட்சி இல்லை. ஆகவே, சிவபதம் என்பதைச் சொர்க்கம் என்று பெயர்த்தால், பெரியவரை உயர்ந்த இடத்திலிருந்து ஒரு படி கீழே இறக்கினோம் என்றாகும். அதனால், 'பாஸ்ட் அவே' என்று நிகழ்ச்சியைச் சொன்ன வாக்கியத்தை அடுத்து, 'சிவபெருமானின் திருவடிகளை அடைந்தார்' என்பதை அப்படியே ஆங்கிலத்தில் வைத்தோம். 'ஃபீட்' என்னும் சொல் அயலாருக்கு விளங்குமோ என்று பேரன் வினவினார். விளங்கும், விளங்காவிட்டாலும் முதல் வாக்கியம் செய்தியைச் சொல்லிவிட்டது. நிகழ்ச்சி முன்னே, நம்பிக்கை பின்னே என்று இரண்டையும் பிரித்து வைத்தால், ஒன்றன் பொருட்டு மற்றொன்றைக் கைவிட நேராது.

இரண்டாவது, உறவுமுறை. பெரிய தவறு இங்கேதான் இருந்தது. தமிழ் மரண அறிவிப்பின் அமைப்பைச் சற்று நினைவிற் கொள்ளுங்கள். யாழ்ப்பாணத்து அறிவித்தல்களில் இது மிகத் தெளிவாக இருக்கும். 'அன்னார், காலஞ்சென்ற இன்னாரின் அன்பு மகனும், இன்னாரின் மருமகனும், இன்னாரின் கணவரும், இன்னாரின் தந்தையும், மாமனாரும், சகோதரரும், மைத்துனரும், பாட்டனாரும் ஆவார்' என்று, 'உம்'மைகளால் கோத்த ஒரே வாக்கியம் வரும். இதன் குறிப்பு என்ன? இறந்தவர் எவர் என்பதை அவருடைய சுற்றமே வரையறுக்கிறது. அச்சுற்றத்தில் இருப்பவரும் உண்டு, மறைந்தவரும் உண்டு. 'காலஞ்சென்ற' என்னும் ஓர் அடைமொழியே இரு சாராரையும் பிரிக்கும். வரிசையில் இருவர்க்கும் இடமுண்டு.

பேரன் கையாண்ட ஆங்கில முறையோ 'சர்வைவ்ட் பை' என்பது. அதன் பொருள், இவருக்குப் பின்னும் உயிரோடிருப்போர் இன்னின்னார் என்பதே. அதில் மறைந்தோர்க்கு இடமில்லை. பெற்றோர் நீங்கினர், மாமன் மாமியார் நீங்கினர், முன்னரே இறந்த தமக்கையார் நீங்கினார். அவர்கள் இருக்கட்டும், தம்பியின் நிலை என்ன? அவர் இருக்கிறாரா என்பதே தெரியாதபோது, 'பின்னுள்ளோர்' வரிசையில் அவரைச் சேர்த்தால் பொய்யாகலாம். சேர்க்காவிட்டால் அறிவிப்பே வீண். யாரைத் தேடி அறிவிப்போ, அவருடைய பெயரே அதில் இல்லாத விந்தை இவ்வாறு நேர்ந்தது.

இதற்கு வழியை நாம் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கவில்லை. இலங்கையின் ஆங்கில நாளிதழ்களில் மரண அறிவிப்புக்கள் தமிழ் முறையை ஒட்டிய நடையிலேயே வருகின்றன. காலஞ்சென்ற இன்னார் தம்பதிகளின் மகன், இன்னாரின் அன்புக் கணவர், இன்னாரின் தந்தை, இன்னாரின் சகோதரர் என்று 'ஆஃப்' என்னும் சிறு சொல்லைக் கொண்டு, அரைப்புள்ளிகளாற் பிரித்து எழுதுவர். இறந்தவரை எழுவாயாக நிறுத்தி, உறவினரை ஒவ்வொருவராக அவரோடு பிணைப்பதால், மறைந்தோரும் இடம் பெறுவர். அதற்கு மேலாக, 'இன்னாரின் அண்ணன்' என்று எழுதும்போது, அவ்வின்னார் இருக்கிறாரா இல்லையா என்று நாம் சாட்சி சொல்லவேண்டியதில்லை. தம்பியைப் பற்றி அறியாத நிலையில், பொய் கலவாத வாக்கியம் அது ஒன்றே. அம்முறையையே மேற்கொண்டோம்.

இதில் ஒரு சிறு எச்சரிக்கை. 'காலஞ்சென்ற' என்பதற்கு நம்மவர் பெயருக்கு முன்னால் 'லேட்' என்று மட்டும் எழுதிவிடுவர். ஆங்கிலத்தில் 'தி லேட்' என்று முன்சொல்லோடு வரவேண்டும். அது இல்லையேல், 'லேட்' என்பது ஒரு பெயரின் முதற்பகுதி என்று அயலார் மயங்க இடமுண்டு.

இனி, உறவுப் பெயர்களைப் பெயர்க்கும் இடர். மைத்துனர் என்று தமிழில் எழுதியிருந்தது. அவர் ஆச்சியின் உடன்பிறந்தவர். ஆங்கிலத்தில் 'பிரதர்-இன்-லா' என்பது மனைவியின் உடன்பிறந்தானுக்கும், தமக்கை கணவருக்கும், தங்கை கணவருக்கும் ஒன்றே. பெயரைச் சேர்த்து எழுதினால் ஓரளவு விளங்கும். சகலையை 'கோ-பிரதர்' என்றும், ஓரகத்தியை 'கோ-சிஸ்டர்' என்றும் நம் நாட்டார் எழுதுவது நம் நாட்டு எல்லைக்குள் செல்லும். கடல் கடந்தால் செல்லாது. பங்காளியை 'பார்ட்னர்' என்று எழுதிவிட்டால், கூட்டு வாணிகர் என்றோ, வேறு விதமாகவோ கொள்வர். இவற்றுக்கெல்லாம் ஒரே மருந்து, உறவின் பெயரை விட்டு உறவின் வழியைச் சொல்வது. சகலை என்பதை 'ஆச்சியின் தங்கை இன்னாரின் கணவர்' என்றும், பெரியப்பா என்பதை 'தந்தையின் அண்ணன்' என்றும் விரித்தால் எந்த மொழியிலும் பிறழாது.

பெரியவரின் மகளை மணந்தவர், பெரியவருடைய தமக்கையின் மகன். தமிழில் 'மருமகன்' என்னும் ஒரு சொல்லே இரண்டு முறையையும் தாங்கி நிற்கிறது. ஆங்கிலத்தில் மாப்பிள்ளை முறைக்கு ஒரு சொல், சகோதரி மகன் முறைக்கு வேறொரு சொல். இரண்டையும் அடுத்தடுத்து எழுதினால், ஒரே மனிதர் எப்படி இரண்டும் ஆவார் என்று படிப்போர் திகைப்பர். நம் வங்காள அண்டை வீட்டாரே திகைப்பர். அவர்களிடம் பெரியப்பாவுக்கு 'ஜேட்டா', சித்தப்பாவுக்கு 'காக்கா' என்று தனித்தனிச் சொற்கள் உண்டு. ஆனால் அத்தை மகனை மணக்கும் வழக்கம் அவர்களிடம் இல்லை. ஆதலால் அவரை மாப்பிள்ளை என்று மட்டும் எழுதி, அவருடைய தாயாரைப் 'பெரியவரின் தமக்கை' என்று சகோதரர் வரிசையிற் பெயர் சொல்லிக் குறித்தோம். அறியவேண்டியவர் இரண்டையும் சேர்த்து அறிந்துகொள்வர், அறியாதார்க்குத் திகைப்பில்லை.

இவ்வளவும் எழுதி, பிழையுண்டா என்று பார்ப்பது எங்ஙனம்? சரக்குப் பட்டியலைச் சரிபார்க்கும் பழக்கம் நமக்குக் கைகொடுத்தது. தமிழ் அறிவிப்பில் பெயர் சொல்லிக் குறித்தோர் எத்தனை பேர் என்று எண்ணினோம். பெற்றோர் 2, மாமன் மாமியார் 2, மனைவி 1, மக்கள் 3, மக்களின் துணைவர் 3, உடன்பிறந்தோர் 2, மைத்துனர் 1, பேரப்பிள்ளைகள் 5, ஆக 19. பேரனின் ஆங்கிலத்திலோ பெயர் பெற்றோர் 3 பேர். பதினாறு பேர் வழியில் இறங்கிவிட்டனர்! பத்திரிகைகள் வரிக்கோ இடத்திற்கோ கட்டணம் வாங்குவதால், சுருக்கவேண்டும் என்று பேரன் கருதியிருந்தார். கருத்து நியாயமானதே. ஆனால் சுருக்கவேண்டியது அடைமொழிகளை, மனிதர்களை அன்று. 'அன்பு', 'பாசமிகு', 'ஆருயிர்' என்பவற்றை ஒவ்வோர் உறவுக்கும் சொல்லாமல் ஒரு முறை சொன்னால் போதும். மகனையும் மருமகளையும் இரண்டு பட்டியலில் எழுதாமல் இணையாக ஒரே இடத்தில் எழுதலாம். இவ்விரண்டைச் செய்ததும் 19 பெயர்களுக்கும் இடம் கிடைத்தது.

அந்தப் பதினாறு பேருள் ஒருவர் ஆச்சி. திருத்திய வாசகத்தை அவர்முன் தமிழிற் சொல்லிக்காட்டுவதற்குமுன், பழைய வடிவத்தையும் மகனார் சொல்லிக்காட்டினார். சுவரோரம் சாய்ந்திருந்த ஆச்சி, 'அதுல எம் பேரு எங்க தம்பி?' என்று நம்மைக் கேட்டார். 'மனைவி' என்று மட்டும் இருந்தது. அவரோடு அத்தனை ஆண்டு வாழ்ந்தவருக்குப் பெயரில்லை. பெண்களைத் 'திருமதி' என்று கணவர் பெயராலேயே ஆங்கிலத்திற் குறிக்கும் பழக்கமும் இத்தகையதே. அதனால் அவர்களுடைய சொந்தப் பெயர் மறைந்துவிடும். மருமகள்மார் பிறந்த வீட்டார் அவ்வறிவிப்பைப் படித்தால், தம் பெண்ணை எப்படி அறிவர்? ஆகவே, ஒவ்வொரு பெண்ணையும் அவரவர் பெயராலேயே எழுதினோம்.

மூன்றாவது, பெயரின் எழுத்துக்கூட்டு. இதனைச் சிறிய காரியம் என்று எண்ணாதீர். உதாரணமாக, கணபதி என்னும் பெயரைத் தமிழ்நாட்டார் ஆங்கிலத்தில் மெல்லிய 'ஜி' எழுத்தால் தொடங்குவர். யாழ்ப்பாணத்தாரும் மலேசியத் தமிழரும் பெரும்பாலும் 'கே' எழுத்தால் தொடங்குவர். இலட்சுமி என்பதை நாம் வடமொழியை ஒட்டி 'லக்ஷ்மி' என ஒலிக்க எழுதுவோம். மலேசியாவில் 'லெட்சுமி' என்று நாவில் வழங்குமாறே எழுதுவதைக் காணலாம். ஒரே தகப்பனாரின் பெயர், அண்ணன் வீட்டுத் தாளில் ஒரு விதமாகவும், தம்பி வீட்டுத் தாளில் வேறு விதமாகவும் இருக்கும். தமிழ் படிக்க அறியாத பேரப்பிள்ளைகள் எழுத்தைக் கொண்டே தேடுவர். ஒலியைக் கொண்டு தேடமாட்டார். ஆதலால், தம்பி கடைசியாக அனுப்பிய கடிதத்தின் உறையைத் தேடச் சொன்னோம். ஆச்சியின் டிரங்குப் பெட்டியின் அடியில் ஒன்று அகப்பட்டது. அனுப்புநர் முகவரியில் தம்பி தம் பெயரையும் தந்தை பெயரையும் எழுதியிருந்த எழுத்துக்கூட்டை அப்படியே தம்பியின் பெயருக்குக் கையாண்டோம். தந்தையார் பெயரை இரு விதமாகவும் எழுதி, 'என்றும் வழங்கும்' என்று இடையிற் சேர்த்தோம்.

தலைப்பெழுத்தையும் விரித்தோம். நம் பெயருக்கு முன் நிற்கும் ஓர் எழுத்து தந்தையின் பெயர் என்பது பிற நாட்டார்க்குத் தெரியாது. மலேசியாவில் மலாய் மொழியில் 'இன்னாரின் மகன்' என்று பெயரோடு தெளிவாக எழுதும் வழக்கம் இருப்பதால், அங்கே 'மகன்' என்னும் சொல்லோடு முழுப் பெயரும் வருவதே நன்று. பிறந்த சிற்றூரின் பெயரை நீக்கவே கூடாது. அதனோடு மாவட்டப் பெயரையும் சேர்த்தோம். 'கொல்கத்தா' என்பதன் பக்கத்தில் 'முன்னாள் கல்கத்தா' என்றும் எழுதினோம். 2001ஆம் ஆண்டில் ஆங்கிலத்தில் பெயர் மாறியதைத் தம்பி வீட்டார் அறிந்திருக்கலாம், அறியாமலும் இருக்கலாம். அவர்கள் தந்தை வாயாற் கேட்டது கல்கத்தா என்னும் பெயரையே.

நான்காவது, நாளும் சடங்கும். உயிர் பிரிந்தது 28ஆம் தேதி விடியற்காலை 3.10 என்றோம். அப்போது மலேசியாவில் அதே 28ஆம் தேதி காலை 5.40. இலண்டனிலிருந்த பேத்திக்கோ 27ஆம் தேதி இரவு 10.40. அவர் தம் நண்பர்களுக்கு எழுதிய குறிப்பில் 27 என்றிருந்தது. நம் பழைய கணக்கில் நாள் என்பது சூரிய உதயத்தில் தொடங்குவதால், ஆவணி 12 பிறக்கவில்லை, அது 11ஆம் நாளே என்பாரும் வீட்டில் இருந்தனர். ஒரு மரணத்திற்கு மூன்று தேதிகள் உலாவினால் ஆண்டுத் திவசத்தில் குழப்பம் நேரும். ஆகவே, 'இந்திய நேரப்படி 28ஆம் தேதி விடியற்காலை' என்று எழுதி, உயிர் பிரிந்தபோதிருந்த திதியையும் பஞ்சாங்கம் பார்த்துச் சேர்த்தோம். திதியின் பெயரை ஆங்கில எழுத்தில் வைத்து, 'தேய்பிறையின் இத்தனையாம் நாள்' என்று விளக்கமும் தந்தோம். தூரத்திலிருக்கும் மக்களுக்கு ஆண்டுதோறும் வேண்டியது அதுவே.

இங்குப் பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு இவ்விடத்தில் வேறொரு வழுக்கலும் உண்டு. நம் சித்திரை வங்காளியரின் 'போயிஷாக்'; நம் வைகாசி அவர்களுடைய 'ஜ்யோயிஷ்டோ'; நம் ஆவணி அவர்களுடைய 'பாத்ரோ'. பெயரின் ஒலி ஒத்திருப்பதால் வைகாசியைப் 'போயிஷாக்' என்று ஒரு பிள்ளை பெயர்த்துவிட்டால், ஒரு மாதம் முந்திவிடும். தமிழ் மாதத்தை ஆங்கிலத் தேதியோடு சேர்த்தே எழுதவேண்டும் என்பது இதனாலேயே.

பதினாறாம் நாள் என்பதிலும் கணக்கு வேறுபாடு உண்டு. நாம் முதல் நாளையும் சேர்த்து எண்ணுகிறோம். பெரியவர் வீட்டார் 28ஐ முதல் நாளாகக் கொண்டனர்; ஆகவே பதினாறாம் நாள் செப்டம்பர் 12. 'பதினாறு நாட்களுக்குப் பின்' என்று ஆங்கிலத்தில் எழுதினால் படிப்போர் 13 என்று கணக்கிடுவர். காரியம் முடிந்த மறுநாள் வந்து நிற்பர். அன்றியும், பதின்மூன்றாம் நாளில் முடிப்போரும் உளர். யாழ்ப்பாணத்தார் முப்பத்தோராம் நாளில் அந்தியேட்டி செய்வர். எண்ணை மட்டும் எழுதாமல் தேதியை எழுதுவதே தக்கது. சடங்கின் பெயரை மாற்றாமல் 'உத்தரகிரியை' என்றே ஆங்கில எழுத்தில் வைத்து, 'பதினாறாம் நாட் சடங்குகள்' என்று ஒரு சிறு விளக்கம் இட்டோம்.

'அன்புடன் அழைக்கப்படுகின்றனர்' என்பதை அடியோடு நீக்கினோம். அது திருமண அழைப்பிதழின் வாசகம். நம் மரபில் சாவுக்கு அழைப்பில்லை, அறிவிப்பே உண்டு. அறிந்தவர் அழையாமலே வருவர். அதனாலன்றோ தமிழ் அறிவித்தலின் இறுதியில், 'உற்றார் உறவினர் இவ்வறிவித்தலை ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம்' என்று முடிக்கின்றனர்! 'நேரில் வந்து சொல்ல இயலவில்லை, இதனையே நேரில் சொன்னதாகக் கொள்ளுங்கள்' என்னும் பணிவு அதில் இருக்கிறது. இலங்கை ஆங்கில இதழ்களில் இதற்கும் வழக்கமான தொடர் உண்டு; 'அக்செப்ட் திஸ் இன்டிமேஷன்' என்பர். அதனை அப்படியே எடுத்துக்கொண்டோம்.

காலச் சொல்லையும் மாற்றினோம். தமிழ் அறிவிப்பில் 'தகனம் நடைபெறும்' என்று எழுதுவது, அது அன்றைக்கே படிக்கப்படுவதால். அயல்நாட்டு இதழில் வெளிவரச் சில நாட்கள் செல்லும். 'நடைபெறும்' என்றே பெயர்த்தால், முடிந்த தகனத்துக்குப் படிப்போரை எதிர்பார்க்கச் செய்வோம். 'காளிகாட்டை அடுத்த கேவராதலாவில் தகனம் செய்யப்பெற்றார்' என்று எழுதினோம். பொதுவாக 'ஃபூனரல்' என்று மட்டும் எழுதினால், எரித்ததா புதைத்ததா என்பது விளங்காது. வீட்டு முகவரியையும் முழுப் பிறந்த தேதியையும் அச்சிடவில்லை. அவை தீயோர் கையிற் சிக்கினால் தொல்லை. தொடர்புக்கு ஒரு தொலைபேசி எண்ணே போதும் என்றோம்.

பத்திரிகையார் இறப்புச் சான்றின் நகலைக் கேட்டனர். பொய் அறிவிப்புக்களைத் தடுக்க இது நியாயமே. மாநகராட்சிச் சான்று கிடைத்ததும் அனுப்பினோம். அச்சேறுமுன் ஒரு படி கேட்டு வாங்கி, மறுபடியும் எண்ணினோம். பெயர்கள் 19 இருந்தன. பின்பு அதனை ஆச்சிக்குத் தமிழில் திருப்பிச் சொன்னோம். தமிழ் அறிவிப்பைப் பாராமல், ஆங்கிலத்தை மட்டும் பார்த்துச் சொன்னோம். ஒவ்வொரு பெயரும் வந்தபோது அவர் தலையசைத்தார். இதைவிட நம்பகமான சோதனை வேறில்லை. திருப்பிச் சொல்லும்போது எங்கே நா தடுக்குகிறதோ, அங்கேதான் பெயர்ப்பு பிழைத்திருக்கும்.

அறிவிப்பு செப்டம்பர் 6ஆம் தேதி வெளிவந்தது. 9ஆம் தேதி மாலை மலேசியாவிலிருந்து ஓர் அம்மையார் ஆங்கிலத்தில் பேசினார். அவர் தம்பியின் மகள். சிற்றூரின் பெயரையும், தம் பாட்டனார் பெயர் தம் வீட்டுத் தாள்களில் உள்ளவாறே இருந்ததையும், 'இன்னாரின் அண்ணன்' என்று தம் தந்தையின் பெயரையும் கண்டு அறிந்ததாகச் சொன்னார். அவருடைய தந்தையார் நான்கு ஆண்டுகளுக்கு முன்பே காலமாகிவிட்டார். அப்போது அவர்களும் அதே இதழில் ஆங்கிலத்தில் அறிவிப்பு வெளியிட்டிருந்தனர். அதன் நகலைப் பின்னர் அனுப்பினார். நாம் பார்த்தோம். மனைவி, மக்கள், பேரப்பிள்ளைகள் என்று உயிரோடிருப்போர் வரிசை மட்டுமே இருந்தது. ஊர்ப் பெயர் இல்லை. பெற்றோர் பெயர் இல்லை. காளிகாட்டில் அப்போது உயிரோடிருந்த அண்ணனின் பெயரும் இல்லை. அவ்விதழ் நம் கைக்கு வந்திருந்தாலும் எவரும் அறிந்திருக்கமாட்டார். பெரியவர் தம் தம்பி இறந்ததை அறியாமலே, தீட்டுக் காக்காமலே, எள்ளும் நீரும் இறைக்காமலே நான்கு ஆண்டு வாழ்ந்து மறைந்தார்.

செப்டம்பர் 12ஆம் நாள் உத்தரகிரியையின்போது, மூத்த மகனார் தந்தைக்குப் பிண்டம் வைத்தபின், சிற்றப்பாவின் பெயரையும் சொல்லி நீர் இறைத்தார். அம்மையாரால் வர இயலவில்லை, தொலைபேசியில் கேட்டுக்கொண்டிருந்தார். ஆச்சி அவரிடம் தமிழிலேயே பேசினார். அவருக்கு எவ்வளவு விளங்கிற்றோ அறியோம்.

அன்பர்களே! தமிழ் அறிவிப்பை எடுத்து, அதிலுள்ள பெயர்களை எண்ணிக்கொள்ளுங்கள். பிறந்த ஊரைத் தவறவிடாதீர்கள். ஆங்கிலத்தை எழுதிய பின், வீட்டிலுள்ள மூத்தவர் முன்னிலையில் தமிழில் திருப்பிச் சொல்லுங்கள். ஆச்சியின் பெட்டியில் அகப்பட்ட உறை போல உங்கள் இல்லத்திலும் ஒன்றிருக்கலாம். அதிலுள்ள எழுத்துக்கூட்டை ஒரு நோட்டுப் புத்தகத்தில் இப்போதே பெயர்த்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.